சம்பளத்துக்கு ஏத்த மாதிரி வீட்டுச் செலவைப் பிரிக்கறது எப்படி?

கேள்வி: மேடம், அவருக்கு 63,000 கையில வருது, எனக்கு 27,000. செலவைப் பாதிப் பாதியாப் போடறோம். மாசக் கடைசில என் கையில ஒண்ணும் நிக்கறதில்ல. எப்படிப் பிரிச்சா சரியா வரும்?

பதில்: முதல்ல வருஷக் கணக்கை எடுங்க. வாடகை, மளிகை, பால், கேஸ் மாசாமாசம் வரும். கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம், ஸ்கூல் ஃபீஸ் டேர்ம் டேர்மா, தீபாவளித் துணி வருஷத்துக்கு ஒருதரம். எல்லாத்தையும் கூட்டி 12-ஆல வகுத்துடுங்க. இதை விட்டுட்டா ஜூன் மாசம் ஃபீஸ் கட்டும்போது திட்டம் படுத்துடும். உங்களுக்கு அது 50,000 வருதுன்னு வச்சுக்குவோம்.

ரெண்டு சம்பளமும் சேர்ந்து 90,000. அதுல அவர் பங்கு 70 சதவீதம், உங்களுது 30. அப்போ அவர் 35,000, நீங்க 15,000. பாதிப் பாதின்னா உங்களுக்கு மிஞ்சறது 2,000தான், இப்போ 12,000. ஒண்ணு கவனிங்க, 'கையில வர்றது'ன்னா பி.எஃப்., வரி போனதுக்கு அப்புறம் வர்றது. யாராவது சொந்தமா வாங்கின லோன் சம்பளத்துலயே பிடிச்சா, அந்தத் தொகையைத் திரும்பக் கூட்டிட்டுத்தான் சதவீதம் போடணும். இல்லன்னா அந்த லோன்ல ஒரு பகுதியை இன்னொருத்தர் கட்டற மாதிரி ஆயிடும்.

ஆனா அவருக்கு இன்னும் 28,000 மிஞ்சுது பாருங்க. விகிதம் பாரத்தைத்தான் சமன் பண்ணும், மிச்சத்தைச் சமன் பண்ணாது. அதனால சேமிப்பையும் இதுக்குள்ள கொண்டு வாங்க. மாசம் 20,000 சேமிக்கணும்னா அதே 70-க்கு 30: அவர் 14,000, நீங்க 6,000. கடைசில அவர் கையில 14,000, உங்க கையில 6,000. 'கைச்செலவாவது சமமா இருக்கட்டும்'னு நினைச்சா, ஆளுக்கு 10,000 முதல்லயே எடுத்து வச்சுட்டு மிச்சத்தைப் பொதுவுல போடுங்க. அவர் 53,000, நீங்க 17,000. என்னைக் கேட்டா, வீட்டு வேலை, குழந்தை எல்லாம் ஒருத்தர் தலையிலயே விழற வீட்டுக்கு இதுதான் நியாயம்.

இது எங்க ஓட்டையாகும்னா, காய்கறிக் கடையிலயும் மருந்துக் கடையிலயும். கிளம்பற அவசரத்துல அவங்கவங்க போன்ல இருந்து 180, 240-னு அனுப்பிடுவீங்க. அது வீட்டுச் செலவு, ஆனா போறது உங்க கைக்காசு. 20-ஆம் தேதிக்கே உங்க பணம் தீர்ந்து பொதுக் கணக்குல மட்டும் காசு கிடந்தா, காரணம் இதுதான். ஜாயிண்ட் அக்கவுண்ட்டை, ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் தனியா பணம் எடுக்கற 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில திறந்து, ரெண்டு பேர் மொபைல் நம்பரையும் பதிவு பண்ணுங்க. வீட்டுச் செலவுக்கு அந்தக் கணக்கோட யு.பி.ஐ. மட்டும். சம்பளம் வந்த மறுநாளே பங்கு தானாப் போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுத்துடுங்க. மாசாமாசம் கேட்டு வாங்கறதுலதான் சண்டையே ஆரம்பிக்குது.

அப்பா அம்மாவுக்கு அனுப்பறது பொதுச் செலவா, கைச்செலவான்னு முன்னாடியே பேசிடுங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே விதிதான். கைச்செலவுக்குக் கணக்கு கேக்கக் கூடாது. இன்க்ரிமெண்ட் வந்தாலோ ஒருத்தர் வேலை போனாலோ, அந்த மாசமே சதவீதத்தைத் திரும்பப் போடுங்க.