கீழாநெல்லியும் காணாமல் போன 15 பேரும்: லான்செட்டில் வந்த 'அதிசய' ஆய்வு

[திரையில்: கீழாநெல்லிச் செடி, அருகில் லான்செட் இதழ்]

வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும் கீழாநெல்லி, உலகின் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்றான லான்செட்டில் இடம்பிடித்தது தெரியுமா? அதுவும் சென்னையில் நடந்த ஆய்வு. எழுதியவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்றவர். கீழாநெல்லி மாத்திரை சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளமே காணாமல் போனது. கீழாநெல்லி இல்லாத மாத்திரை சாப்பிட்ட குழுவில் 4 சதவீதம்தான்.

"அப்புறம் ஏன் டாக்டர்கள் இதை எழுதித் தருவதில்லை? மருந்து கம்பெனிகளின் சதிதானே?" என்று கமெண்ட் அடிக்கக் கை பரபரக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள், வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

முதலில் அடிப்படையை வேகமாக முடித்துவிடுகிறேன். மஞ்சள் காமாலை ஒரு நோயல்ல, அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ வந்தாலும் கண் மஞ்சளாகும், பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் மஞ்சளாகும். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரமும் அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தால், பேர் கீழாநெல்லிக்குத்தான். பாவம், கல்லீரல் செய்த வேலைக்கு ஒரு நன்றிகூடக் கிடையாது.

ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் பெரும்பாலும் உடலிலேயே தங்கிவிடும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, சிலருக்குக் கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். கிருமி ரத்தத்தில் இருக்கிறதா என்பதைக் காட்டும் அடையாளப் புரதத்தை ஹெச்பிஎஸ்ஏஜி என்பார்கள். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் இது தானாக மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். அப்படிப்பட்டது, ஒரு மாத மாத்திரையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறைந்தது என்றால் அது சாதாரணச் செய்தி இல்லை.

[திரையில்: 1988]

ஆய்வை நடத்தியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன். உடன் எழுதியவர்களில் ஒருவர் பரூக் பிளம்பெர்க், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் வாங்கியவர். பிளம்பெர்க்கின் குழு அதற்கு முந்தைய ஆண்டே, இந்தச் செடி இனத்தின் சாறு சோதனைக் குழாயில் கிருமியின் ஒரு நொதியைத் தடுப்பதைக் காட்டியிருந்தது. வுட்சக் என்ற அமெரிக்க விலங்கிடமும் சோதித்தார்கள். நம்ம அணிலுக்குக் குண்டான அண்ணன் மாதிரி இருக்கும். இதே வகைக் கிருமி அதற்கும் வருவதால் அதற்கும் கீழாநெல்லி வைத்தியம். ஆக, இது யாரோ வாட்ஸ்ஆப்பில் கிளப்பிவிட்ட கதையே இல்லை. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட ஒப்பீட்டுக் குழுவும் இருந்தது. வேர் நீக்கிய செடியை உலர்த்திப் பொடியாக்கி, 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள். முடிந்து 15 முதல் 20 நாளில் ரத்தப் பரிசோதனை.

[திரையில்: 37-இல் 22 / 23-இல் 1]

இந்த எண்களை நன்றாகப் பாருங்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மறைந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. ஒரு குழுவில் 37, இன்னொன்றில் 23. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆரம்பத்தில் 40, 38 என்று ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தார்கள். மருந்துக் குழுவில் 3 பேர் கணக்கில் இல்லை. போலி மாத்திரைக் குழுவில் 15 பேர் இல்லை!

என்னைக் கேட்டால் கதையின் கிளைமாக்ஸ் இந்த 15 பேர்தான். இங்கேதான் நான் கொஞ்ச நேரம் உட்காரப் போகிறேன்.

நம் ஊரில் சில பள்ளிகள் 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் வைக்கும். ஒன்பதாம் வகுப்பில் சுமாராகப் படித்த பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பியது பேனரில் இருக்காது. தேர்வு எழுதியவர்கள் எல்லாரும் பாஸ், அது உண்மைதான். ஆனால் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. இங்கே யாரும் யாரையும் வெளியேற்றியதாக நான் சொல்லவில்லை. பேனர் கணக்கு மட்டும்தான் ஒன்று.

அப்படியானால் வராதவர்களையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். மருந்துக்கு எதிரான கற்பனையையே எடுப்போம். மருந்துக் குழுவில் விட்டுப்போன 3 பேருக்கும் கிருமி மறையவில்லை என்று வைத்தால், 40-இல் 22, அதாவது 55 சதவீதம். போலி மாத்திரைக் குழுவில் விட்டுப்போன 15 பேருக்கும் மறைந்துவிட்டது என்று வைத்தால், 38-இல் 16, அதாவது 42 சதவீதம். 59-க்கு 4 என்று இருந்த மலை, 55-க்கு 42 என்ற மேடாகிவிட்டது. இவ்வளவு சிறிய குழுக்களில் இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரலாம்.

"15 பேருக்கும் மறைந்திருக்குமா, நம்புகிற மாதிரியா இருக்கு?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. நானும் நம்பவில்லை. நிஜம் இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் இருக்கும். ஆனால் எங்கே என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே அதைப் 'பூர்வாங்க ஆய்வு' என்றுதான் அழைத்தார்கள். பேனர் அடித்தது நாம்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூலிகை ஆய்வு என்றதும் 'மனசு நம்பினாலே குணமாகிவிடும்' என்ற சந்தேகத்தைத்தான் முதலில் கிளப்புவார்கள். வலி, களைப்பு, பசி மாதிரி நோயாளி வாயால் சொல்லும் விஷயத்தில் அது பெரிய ஆபத்து. இங்கே அளந்தது ரத்தத்தில் உள்ள புரதம். அதற்கு நம்பிக்கையெல்லாம் தெரியாது. அதனால் இந்த ஆய்வில் நான் முதலில் தேடுவது ஆட்கள் விட்டுப்போன கணக்கையும், யாரைச் சேர்த்தார்கள் என்பதையும்தான். நாள்பட்ட தொற்று என்று சொல்ல ஆறு மாதத்துக்கு மேல் கிருமி இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ஆட்களைச் சேர்க்கும் ஆய்வு எதுவானாலும், அந்தப் புதுத் தொற்றுக்காரர்கள் உள்ளே நுழைந்து மருந்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் என்ன ஆனது? மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். 1990-இல் தாய்லாந்தில் அறிகுறியில்லாத தொற்றாளர்களிடம் செய்த ஆய்வு, அதே லான்செட்டில், தோல்வி. 1994-இல் நியூசிலாந்தில், அதுவும் தோல்வி. 'மண்ணும் பருவமும் மாறினால் செடியின் வீரியமும் மாறும்' என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அது சரியென்றால், வீட்டு வேலியில் பறிக்கிற செடிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்றும் அர்த்தம். 2011-இல், மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு கீழாநெல்லி இன ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது சில பரிசோதனை முடிவுகள் நன்றாகத் தெரிந்தன. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் மோசம். போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது.

ஒன்று சொல்லியாக வேண்டும். இன்று டாக்டர்கள் தரும் டெனோஃபோவிர்கூட ஹெச்பிஎஸ்ஏஜியை அபூர்வமாகத்தான் மறையவைக்கும். அது கிருமியின் அளவை அடக்கி வைக்கிறது, கல்லீரலைக் காப்பாற்றுகிறது. நாமாக நிறுத்தினால் கிருமி திமிறிக்கொண்டு வரலாம். 'மூலிகை முழுசா குணமாக்கும், இங்கிலீஷ் மருந்து காலம் முழுக்கச் சாப்பிடணும்' என்ற பேச்சைக் கேட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. குடும்ப குரூப்பில் அடுத்த முறை 'கீழாநெல்லியில் பி வைரஸ் போச்சு' என்று வந்தால், சண்டை போடாமல் மூன்று விஷயம் கேளுங்கள். வைத்தியத்துக்கு முன்னால் ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட் இருக்கிறதா, பின்னால் எடுத்த ரிப்போர்ட் இருக்கிறதா, கூடவே டாக்டர் மருந்தும் சாப்பிட்டாரா? என்ன பதில் வந்தது என்று கமெண்டில் போடுங்கள். பெயர், ரிப்போர்ட் படமெல்லாம் வேண்டாம், பதில் மட்டும் போதும்.