புள்ளி ரெண்டா தெரியுது அக்கா

வணக்கம். இன்று கேமராவை மேசைக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன், ஏனென்றால் இன்றைய வீடியோவில் என் முகத்தைவிட இந்த நூல்தான் முக்கியம். சாதாரண வெள்ளை நூல், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணிகள் கோத்திருக்கிறேன். இதை அப்படியே ஓரமாக வைக்கிறேன், திரும்பி வருவோம்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடியும் பயிற்சியும் கொடுக்கிறவள். போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவளுடைய அம்மா கூட்டிவந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அம்மாவின் புகார்: "மேடம், புத்தகத்தை எடுத்தாலே தலைவலிங்கிறா, படிக்கச் சோம்பல்." அதற்கு முன்பே ஒரு கடையில் கண்ணாடி போட்டுவிட்டார்கள். பவர் கால். போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். சுவரில் இருக்கிற சார்ட்டில் கடைசி வரி வரைக்கும் அவள் சரளமாகப் படித்தாள், இரண்டு கண்ணும் 6/6.

அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவளிடம் தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கொடுத்து, "படி, படிக்கும்போது என்ன ஆகுதோ அதை அப்படியே சொல்லு" என்றேன். முதல் இரண்டு பக்கம் நன்றாகப் போனது. மூன்றாவது பக்கத்தில் இடது கையை எடுத்து, கன்னத்தைத் தாங்குவது போல வைத்து, அப்படியே இடது கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கே தெரியவில்லை. "ஏன் கண்ணை மூடினே?" என்று கேட்டேன். கையை எடுத்தாள், இரண்டு வரி படித்தாள், அப்புறம் சொன்னாள்: "மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளி ரெண்டா தெரியுது அக்கா. அப்புறம் வரி எல்லாம் தண்ணியில மிதக்கிற மாதிரி ஆகுது."

இது பவர் பிரச்சினை இல்லை. தூரத்தில் ஒரு மரத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் நேராக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். புத்தகத்தை 33 சென்டிமீட்டரில் பிடித்தால் ஒவ்வொரு கண்ணும் மூக்குப் பக்கம் ஏறக்குறைய ஐந்து டிகிரி திரும்பி, ஒரே எழுத்தின் மேல் வந்து சேர வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, பாடம் முடியும் வரைக்கும் அங்கேயே நிற்கவும் வேண்டும். இதற்குக் கன்வர்ஜன்ஸ் என்று பெயர். சில பிள்ளைகளுக்குக் கண் வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும். மூளை இழுத்துப் பிடிக்கும், பிடி தளர்ந்தால் எழுத்து இரண்டாகும், மறுபடி இழுத்தால் ஒன்றாகும். இந்தப் போராட்டம் நிற்காமல் நடப்பதைத்தான் பிள்ளைகள் "எழுத்து நீந்துது" என்கிறார்கள். இழுத்துப் பிடிக்கிற முயற்சியில் ஃபோகஸும் கூடச் சேர்ந்து குழம்பும், அப்போது மங்கலாகத் தெரியும். இந்தக் குறைதான் கன்வர்ஜன்ஸ் இன்சஃபிஷியன்சி.

அவள் கண்ணை மூடியதை இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு கண்ணை மூடினால் சேர வேண்டிய வேலையே இல்லை, எழுத்து நின்றுவிடும். வீட்டிலேயே நீங்கள் கவனிக்கலாம்: நகர்கிற எழுத்து, ஒரு கண்ணை மூடியதும் நின்றால் சிக்கல் இரண்டு கண்ணும் சேர்வதில் இருக்கலாம். மூடிய பிறகும் மங்கலாகவே இருந்தால் பவரையோ ஃபோகஸையோ பார்க்க வேண்டும். இது சந்தேகப்படுவதற்கு மட்டும்தான், முடிவு கட்டுவதற்கு இல்லை. இன்னொன்று, இரட்டைத் தோற்றம் திடீரென்று வந்தாலோ, தலையில் அடிபட்ட பிறகு வந்தாலோ, இமை தொங்கினாலோ, இந்த வீடியோவை மூடிவிட்டு முதலில் கண் மருத்துவரிடம் போங்கள்.

பள்ளியில் நடக்கிற கண் பரிசோதனையில் இது ஏன் சிக்குவதில்லை என்று கேட்பீர்கள். அங்கே தூரத்துச் சார்ட்டை ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்வார்கள். குறை இருப்பதோ கிட்டத்தில், இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது. அதுவும் அபூர்வமான குறை இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்திலும் கிராமத்திலும் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பேருக்கு இது இருந்தது.

சரி, அவளை எப்படிச் சோதித்தேன்? ஒரு சின்ன எழுத்தை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்து, எங்கே இரண்டாகிறது என்று கேட்டேன். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வரைக்கும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அவளுக்கு 14 சென்டிமீட்டரிலேயே பிரிந்துவிட்டது. அந்த இடத்தில் அவளுடைய வலது கண் வெளியே நழுவுவதை அவள் அம்மாவே பார்த்தார். அடுத்து, ஒளியை ஒரு பக்கமாக வளைக்கிற பிரிசம் என்கிற கண்ணாடித் துண்டை வைத்து, கண் எவ்வளவு வெளியே நழுவப் பார்க்கிறது, அதை இழுக்க எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று அளந்தேன். இதை வீட்டுச் செலவு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஒன்பது என்றால் கையிருப்பு அதைப்போல் இரண்டு மடங்கு, பதினெட்டாவது இருக்க வேண்டும். அவளிடம் இருந்தது பத்து. மாதக் கடைசியில் மூச்சு முட்டுகிற குடும்பம் மாதிரி, மூன்றாவது பக்கத்தில் அவள் கண் திணறியது. கடைசியாக, படிக்கும்போது வருகிற தொந்தரவுகளைப் பற்றி 15 கேள்விகள். மொத்தம் 60 மதிப்பெண். அவள் வயதுப் பிள்ளைகளுக்கு 16 வந்தாலே தொந்தரவு இருப்பதாகக் கணக்கு. அவளுக்கு 31. வாழ்க்கையில் குறைவாக வாங்க வேண்டிய ஒரே பரீட்சை இதுதான் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

இப்போது பயிற்சி. எல்லோருக்கும் தெரிந்தது பென்சில் பயிற்சி: பென்சில் முனையை மூக்குக்குக் கொண்டுவா, இரண்டானால் நிறுத்து, ஒன்றாக்கு, திரும்பக் கொண்டுபோ. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனுக்கு இதை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தான், துளி மாற்றம் இல்லை. "ஒரு தடவைகூட ரெண்டா தெரியலையே, எனக்குச் சரியாயிடுச்சு" என்றான். உண்மையில் பென்சில் பக்கத்தில் வந்ததும் அவன் மூளை ஒரு கண்ணை அணைத்துவிட்டது. ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எப்படி இரண்டாகத் தெரியும்? ஒரு மாதம் அவன் ஒரு கண்ணோடு பென்சிலை ஆட்டிக்கொண்டிருந்தான். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது.

அதனால்தான் இந்த நூல். ஃபிரெடரிக் பிராக் என்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் உண்டாக்கியது, அவர் பெயராலேயே பிராக் ஸ்ட்ரிங் என்போம். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுகிறேன். மறுமுனையை இப்படி மூக்கு நுனியில் வைத்துப் பிடிக்கிறேன், நூல் தொய்யக் கூடாது. பச்சை மணி ஒரு மீட்டரில், மஞ்சள் 40 சென்டிமீட்டரில், சிவப்பு 20இல். இப்போது மஞ்சளைப் பார்க்கிறேன். மஞ்சள் ஒன்று. ஆனால் சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு, நூலும் இரண்டாகி மஞ்சள் மணியில் பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கொள்கிறது. கேமராவுக்கு இது தெரியாது, அதற்கு ஒரு கண்தானே. நீங்களே கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தப் பெருக்கல் குறிதான் விஷயம். அது மணியிலேயே விழுந்தால் இரண்டு கண்ணும் அங்கே சேர்ந்திருக்கின்றன. மணிக்கு அப்பால் விழுந்தால் கண் போதுமான அளவு உள்ளே திரும்பவில்லை. ஒரே ஒரு நூல்தான் தெரிகிறது என்றால் ஒரு கண் அணைந்துவிட்டது, அந்தப் பையன் மாதிரி. பென்சில் சொல்லாததை நூல் அந்த நொடியே சொல்லிவிடும். ஒரு நூல் மறைந்தால் இமையை நாலு தடவை வேகமாகச் சிமிட்டு, திரும்ப வரும் என்று சொல்லிக்கொடுப்பேன்.

இந்தப் பெண்ணுக்கு முதல் வாரம் சிவப்பு மணியில் குறி விழவே இல்லை, பின்னாலேயே விழுந்தது. அதனால் சிவப்பை 30க்குத் தள்ளிவைத்தோம். பச்சையில் ஐந்து எண்ணும் வரை, அப்புறம் மஞ்சள், அப்புறம் சிவப்பு, திரும்பப் பச்சை. அடுத்து நூலின் மேல் ஒரு எறும்பு மூக்கை நோக்கி ஊர்வதாக நினைத்துக்கொண்டு அதைப் பின்தொடர வேண்டும். மூன்றாவது வாரம் "அக்கா, கண்ணு உள்ள திரும்புறது எனக்கே தெரியுது" என்றாள். அந்த உணர்வு வருவதற்காகத்தான் காத்திருந்தேன். வந்துவிட்டால் நூலே இல்லாமல்கூடக் கண்ணை உள்ளே கொண்டுவர முடியும். மற்ற பயிற்சிகள் எல்லாம் அதை வேகமாகவும் சிரமம் இல்லாமலும் செய்யப் பழக்குவதுதான்.

வாரம் ஒரு தடவை என்னிடம் ஒரு மணி நேரம், வீட்டில் தினம் கால் மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 12 வாரம். இந்தக் கணக்கு நான் போட்டதில்லை. அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. கிளினிக்கில் இந்த முறையில் செய்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சில் மட்டும் செய்தவர்களில் 43. கம்ப்யூட்டர் பயிற்சியோடு பென்சிலும் செய்தவர்களில் 33. பயிற்சி போலத் தோன்றும், ஆனால் கண்ணைச் சேர்க்க உதவாத வெற்றுப் பயிற்சி செய்தவர்களில் 35. பென்சிலுக்கும் வெற்றுப் பயிற்சிக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை, பாருங்கள். பிரிசம் கண்ணாடியும் பிள்ளைகளுக்கு, வெற்றுக் கண்ணாடியைவிட அதிகம் பலன் தரவில்லை என்று 2005இல் பார்த்திருக்கிறார்கள்.

நாலாவது வாரம் ஒரு சண்டை. அளந்தால் 14 சென்டிமீட்டர் எட்டாகியிருந்தது, ஆனால் தலைவலி அப்படியே இருந்தது. கேள்வித்தாளில் 28. அம்மா நிறுத்திவிடலாம் என்றார். இங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அளவு முதலில் மாறும், தொந்தரவு அப்புறம்தான் குறையும். எட்டாவது வாரம்தான் தலைவலி விட்டது. பன்னிரண்டில் ஐந்து சென்டிமீட்டர், கையிருப்பு 26, கேள்வித்தாளில் 12.

"இனிமே மார்க் ஏறிடுமா மேடம்?" என்று அம்மா கேட்டார். இல்லை என்று சொன்னேன். நேராகவே சொல்லிவிட வேண்டும். இதே பயிற்சியை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், பிள்ளைகளின் வாசிப்புப் புரிதல் வெற்றுப் பயிற்சி செய்தவர்களைவிட அதிகமாகக் கூடவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் டிஸ்லெக்ஸியாவும் இதனால் வருவதில்லை, இதனால் தீர்வதும் இல்லை. கண் பயிற்சியால் படிப்பு வந்துவிடும் என்று பெரிய பேக்கேஜ் பணம் கேட்டால் யோசியுங்கள். இந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் புள்ளி ஒன்றாகவே இருக்கிறது. இலக்கணம் இன்னும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன், வந்தாள். ஆறு சென்டிமீட்டர், நழுவவில்லை. நூலை வாங்கிப் பார்த்தேன், பச்சை மணியைக் காணோம். அந்த இடத்தில் அப்பாவின் சட்டைப் பொத்தான் கோத்திருந்தது. "வாரத்துக்கு ரெண்டு நாள் செய்யறேன் அக்கா, பொத்தான் நாலு ஓட்டையும் தெரியுது" என்றாள்.