இரண்டுமே எம்பி4 தான், ஒன்றை மட்டும் எடிட்டர் ஏற்கவில்லை. ஏன்?

கேள்வி: "அண்ணா, பழைய மொபைல்ல எடுத்த எம்பி4 எடிட்டர்ல நல்லா வருது. புது மொபைல்ல எடுத்ததைப் போட்டா சத்தம் மட்டும்தான் வருது, படம் வரலை. விஎல்சி பிளேயர்ல ரெண்டுமே ஓடுது. ஃபைல் கெட்டுப்போச்சா?"

ஃபைல் கெடவில்லை தம்பி. எம்பி4 என்பது கன்டெய்னர், வெறும் பாத்திரம்தான். டிபன் கேரியரை வெளியிலிருந்து பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாதே, அதுபோல. படம், ஒலி இரண்டையும் சேர்த்து வைத்து, எது எந்த நேரத்தில் வர வேண்டும் என்ற குறிப்பையும் வைத்திருப்பது அதன் வேலை. படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் கோடெக்.

பழைய மொபைல் அநேகமாக ஹெச்.264 முறையில் பதிவு செய்திருக்கும். புதியது ஹெச்.265, அதாவது ஹெச்இவிசி. எடிட்டர் பாத்திரத்தைத் திறந்துவிட்டது, உள்ளே இருந்த ஒலியும் அதற்குத் தெரிந்த ஏஏசி. அதனால் சத்தம் வருகிறது. படத்தை விரிக்கத்தான் அதற்குத் தெரியவில்லை. விஎல்சி தனக்கு வேண்டிய டீகோடர்களை, அதாவது சுருக்கியதை விரிக்கும் நிரல்களை, தானே சுமந்து வருகிறது. பல எடிட்டர்கள் அப்படி இல்லை, விண்டோஸ் கொடுப்பதை நம்பியிருக்கும். ஹெச்இவிசிக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு என்பதால் எல்லாக் கணினியிலும் அது இருக்காது.

ஊகிக்க வேண்டாம், மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்கள். Video பகுதியில் Format என்ற இடத்தில் AVC என்று இருந்தால் ஹெச்.264, HEVC என்று இருந்தால் நான் சொன்ன கதைதான். அப்படியென்றால் ffmpeg என்ற இலவச மென்பொருளை நிறுவி, கட்டளை வரியில் இப்படிக் கொடுத்துப் படத்தை ஹெச்.264 முறையில் மறுபடி என்கோட் செய்ய வேண்டும்:

```
ffmpeg -i pudhu.mp4 -c:v libx264 -crf 16 -pix_fmt yuv420p -c:a copy edit.mp4
```

இதற்கு நேரம் பிடிக்கும், ஃபைலும் பெரிதாகலாம். தரம் கொஞ்சம் குறையும், ஆனால் கட்டளையில் உள்ள crf 16 என்ற அளவில் கண்ணுக்குத் தெரிவது கடினம். ஒரு எச்சரிக்கை: ஹெச்டிஆரில் எடுத்த வீடியோ என்றால் இந்தக் கட்டளைக்குப் பிறகு நிறம் வெளிறித் தெரியலாம். மொபைலிலேயே ஹெச்டிஆரை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. கணினித் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் எடுத்த எம்கேவி ஃபைலைச் சில எடிட்டர்கள் தொடவே தொடாது. எம்கேவியும் எம்பி4 போல ஒரு பாத்திரம்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஹெச்.264 தான், பாத்திரம்தான் பிடிக்கவில்லை. பெயரை மட்டும் .mp4 என்று மாற்றினால் உள்ளே இருக்கும் அடுக்குமுறை மாறாது. நானும் ஒரு காலத்தில் அப்படி மாற்றிவிட்டு விழித்தவன்தான். ஓபிஎஸ்ஸின் File மெனுவில் Remux Recordings இருக்கிறது. அல்லது இப்படி:

```
ffmpeg -i screen.mkv -c copy screen.mp4
```

இங்கே copy என்றால் உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து வேறு பாத்திரத்தில் வைப்பது. தரம் துளியும் குறையாது, ஒரு மணி நேரப் பதிவுகூடச் சட்டென்று முடிந்துவிடும். உங்கள் மொபைல் ஃபைலுக்கு இதைச் செய்து பயனில்லை, அதே ஹெச்இவிசி திரும்ப எம்பி4க்குள்தான் போய் உட்காரும். அப்புறம், இனி எடுக்கப்போகும் வீடியோக்களுக்குக் கேமரா செட்டிங்ஸில் ஹெச்இவிசியை அணைத்துவிடுங்கள், மாற்றும் வேலையே இருக்காது.