தாத்தாவின் கழுத்து

நேயர்களுக்கு வணக்கம். என் அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. மரத்தடியில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு தகரப் பெட்டி, அதுதான் அவர் கடை. நான் நகரத்தில் தொழில் கற்று வந்து, எங்கள் கிராமத்திலேயே ஆண்களுக்கான நவீன அழகு நிலையம் ஒன்றைத் திறந்தேன். இளைஞர்கள் வந்தார்கள். பெரியவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். "பொம்பளைப் பிள்ளை கையில் கழுத்தைக் கொடுக்கவா?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கத்திக்குக் கீழே கழுத்தை நீட்டுகிறவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, அவரிடம் நாற்பது வருடம் சவரம் செய்துகொண்ட ஒரு தாத்தா ஒருநாள் அரைமனதாக வந்து உட்கார்ந்தார். கழுத்தில் தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். "சூட்டுக் கொப்புளம், பல வருஷமா இருக்கு" என்றார்.

நான் கத்தியை எடுக்கவில்லை. அவர் கழுத்தை விரல் நுனியால் நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். முடி எந்தப் பக்கம் படுகிறதோ அந்தப் பக்கம் தடவினால் வழுவழுப்பாக இருக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். கன்னத்தில் கீழ்நோக்கி வளர்கிற முடி, கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ வளரும். தாத்தாவுக்கு இடதுபக்கம் காதை நோக்கிப் போனது. அது தெரியாமல் இத்தனை வருடமும் மழமழவென்று வரவேண்டுமென்று எதிர்த்து மழித்திருக்கிறார்கள். ஒட்ட வெட்டுப்பட்ட சுருட்டை முடி, வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பக் குத்தும். கொப்புளத்துக்குக் காரணம் அதுதான். ஒரு கொப்புளத்துக்கு அடியில் கறுப்பு வளையம் போல முடி சுருண்டு கிடந்ததைக் கைக்கண்ணாடியில் அவருக்கே காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, ஒன்றரை மாதம் கழுத்தில் கத்தி வேண்டாம். டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிடுகிறேன்" என்றேன். "அப்போ சவரம் பண்ணின மாதிரியே இருக்காதே" என்று முகம் சுளித்தார். இருக்காதுதான் என்று ஒத்துக்கொண்டேன். சீழ் கோத்துப் பரவினாலோ, வட்டமாகச் செதில் விட்டாலோ அது வேறு நோய், டாக்டரிடம்தான் போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

கன்னத்துக்கு மட்டும் அன்றே கத்தி வைத்தேன். வயதானவர்களின் தோல் தளர்ந்திருக்கும். சும்மா இழுத்தால் மடிப்பில் வெட்டு விழும். வெந்நீர்த் துண்டை இரண்டு நிமிடம் வைத்து, நுரை பூசி, கட்டைவிரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைச் சற்றே சாய்த்துச் சின்னச் சின்ன இழுப்பாக இறக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். சாப்பிடுகிறவருக்குச் சின்னக் கீறலும் சட்டென்று நிற்காது.

அவர் கண் எதிரில்தான் புது பிளேடை உறையோடு மடித்து இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் செருகினேன். வேலை முடிந்ததும் அந்தப் பாதியை மூடியில் துளை போட்ட டப்பாவுக்குள் தள்ளினேன். ஒருவர் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி, அதாவது ஹெபடைடிஸ் பி, இருந்தால் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும், அடுத்தவருக்குத் தொற்றிக்கொள்ள. துணியில் துடைத்துவிட்டு அதே பிளேடை அடுத்தவருக்கு வைப்பது அதனால்தான் ஆபத்து. எல்லோர் முகத்திலும் தேய்க்கிற ஒரே படிகாரக் கட்டியும் அப்படித்தான். நான் படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிறேன். சீப்பு, கத்திரி, கத்திப்பிடி எல்லாவற்றையும் முதலில் முடியும் நுரையும் போகக் கழுவி, அப்புறம்தான் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைப்பேன். அழுக்கோடு போட்டால் கிருமி அழுக்குக்கு அடியில் பத்திரமாக இருந்துவிடும். இதையெல்லாம் பேசிப் புரியவைப்பதைவிட, செய்யும்போது அவர்களைப் பார்க்க விடுவது நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்றரை மாதம் கழித்துத் தாத்தா வந்தார். கொப்புளங்கள் பெரும்பாலும் அடங்கி, பழைய இடங்களில் கருமை மட்டும் மிச்சம். அவரோடு இன்னும் இரண்டு பெரியவர்கள். ஒருவர், அன்று வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவர். உட்கார்ந்ததும் கழுத்தை நிமிர்த்தாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசுவதற்குள் பக்கத்தில் இருந்த தாத்தா சொன்னார்: "முதல்ல பிளேடு உறையைக் காட்டச் சொல்லு. உடைக்கிறதைப் பார்த்துட்டு அப்புறம் சாஞ்சுக்கோ."

உறையைக் காட்டினேன். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உடைத்தேன். சாய்ந்துகொண்டார்.