மருதாணி ஏறிய முடியில் ஓர் இழைச் சோதனை

நேயர்களுக்கு வணக்கம். பியூட்டி பார்லரில் தினமும் கேட்கிற கேள்வி இது: "இந்த டப்பாவில் போட்டிருக்கிற நிறம் எனக்கு வருமா?" டப்பாவில் இருக்கிற தலை வேறு, உங்கள் தலை வேறு. உங்கள் முடி என்ன செய்யும் என்பதை உங்கள் முடியில்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இழைச் சோதனை. பார்லரில் ஸ்ட்ராண்ட் டெஸ்ட் என்போம்.

ஐம்பது வயதை ஒட்டிய ஆசிரியை ஒருவர் வந்தார். பல வருடமாக மருதாணி, இடையில் சில தடவை பாக்கெட்டில் வரும் கறுப்பு மருதாணிப் பொடி. வேரில் இரண்டு அங்குலம் வெள்ளை, கீழே செம்பட்டையும் கறுப்புமாகக் கலந்த நீளம். வேரைப் பழுப்பாக்கி, நீளத்தைக் கொஞ்சம் வெளுத்துத் தேன் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை.

சோதனைக்கு முடி எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பிடரியில் வெட்டினால் வெளியே தெரியாது என்று அங்கேயே எடுப்பார்கள். ஆனால் அங்கே நரை குறைவு, வெயிலும் அவ்வளவாகப் படாது. நான் காதோரத்தில் வெள்ளை அதிகமுள்ள இடத்தில் ஒரு சிறு கற்றை எடுத்தேன். மருதாணி ஏறிய நீளத்தில் மூன்று கற்றைகள். ஒவ்வொன்றும் தீக்குச்சிப் பருமன். வேர்ப்பக்கம் எது என்று தெரிய அந்த முனையை டேப்பால் ஒட்டிக்கொண்டேன்.

முதல் சோதனை நிறத்துக்கு அல்ல. பாக்கெட் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அந்த முடியில், கலரிலும் ப்ளீச்சிலும் சேர்க்கும் பெராக்சைடு பட்டால் சூடேறி முடியே கருகலாம். அதனால் நீளத்தில் எடுத்த ஒரு கற்றையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் 6 சதவீதப் பெராக்சைடில் சில துளி அமோனியா விட்டு 30 நிமிடம் ஊறவைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். கிண்ணம் சூடாகவில்லை, நுரைக்கவில்லை, நாற்றமும் இல்லை. அதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் அன்றைக்கே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்து பழுப்புக் கலர். அரை டீஸ்பூன் கிரீம் போதும். அதோடு சேர்க்கும் பெராக்சைடுக் கலவையான டெவலப்பரை உறையில் சொன்ன அதே விகிதத்தில் கலக்க வேண்டும். மிச்சக் கலவையை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். காதோரக் கற்றையிலும் நீளத்துக் கற்றை ஒன்றிலும் தடவி, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் சிறிது துடைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலே இருக்கிற கலவையின் நிறம் கண்ணை ஏமாற்றும். வெள்ளை முடி 30 நிமிடத்தில் இன்னும் ஊடே தெரிந்தது, 40-இல்தான் மூடியது. அந்தக் கலரின் உறை நரைக்கு 45 வரை அனுமதித்திருந்ததால் அது சரி. மருதாணிக் கற்றையோ பத்து நிமிடத்திலேயே கருத்துவிட்டது. 40 நிமிடம் வைத்ததும் கிட்டத்தட்டக் கறுப்பு. ஏற்கனவே நிறம் ஏறிய முடி புதுக் கலரை வேகமாக உறிஞ்சும்.

இரண்டையும் அலசி, முழுக்க உலர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தோம். ஈரத்தில் எந்த நிறமும் ஒரு படி கருப்பாகத்தான் தெரியும், டியூப்லைட்டும் உண்மை சொல்லாது.

கடைசிக் கற்றைக்கு ப்ளீச். 40 நிமிடத்தில் வந்தது தேன் நிறம் அல்ல, கேரட் ஆரஞ்சு. மருதாணி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது, எளிதில் வெளியேறாது. அலசி, ஈரமாக இருக்கும்போதே இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தேன். நல்ல முடி சிறிது நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கும். இது ரப்பர் போல நீண்டு அப்படியே நின்றது, தொட்டால் பிசுபிசுப்பு. இன்னும் இழுத்தபோது அறுந்தது. அந்தக் கற்றையை அவர் கையில் கொடுத்தேன். தேன் நிறம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேசையில் கிடக்கும் முடியை விடத் தலையில் இருக்கும் முடி, உச்சந்தலைச் சூட்டில் வேகமாக நிறம் ஏறும். அதனால் வேரில் 30 நிமிடத்திலிருந்தே துடைத்துப் பார்த்தேன், 35-இல் மூடிவிட்டது. நீளத்துக்குக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் கலரைச் சீப்பால் இழுத்துவிட்டேன்.

இன்னொன்று: இந்தச் சோதனை ஒவ்வாமையைச் சொல்லாது. கருநிற டைகளில் இருக்கும் பிபிடி என்கிற ரசாயனம் சிலருக்கு முகத்தையே வீங்கவைக்கும். அதற்கு உறையில் சொல்லியுள்ளபடி காதுக்குப் பின்னால் தனியாகத் தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அவருக்கு அதை இரண்டு நாள் முன்பே செய்திருந்தோம்.

அந்தக் கற்றைகளை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி, கலர் எண், எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்து அவர் வேருக்குக் கலர் போட வந்தபோது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தோம். நன்றி, வணக்கம்.