ஆண்டறிக்கையில் கணக்கு வாசிக்கும் மூன்று நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் ஆண்டு விழாக் காலம். சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் குடும்பங்கள் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருகிற நேரம் என்பதால், பள்ளிகளும் அதை ஒட்டியே நாள் குறிக்கின்றன. வரவேற்புரை முடிந்ததும் தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பார். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக இருந்து, அப்படிப் பல அறிக்கைகளை எழுதியும் வாசித்தும் இருக்கிறேன். அந்த அறிக்கையில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுகிற பகுதி கணக்கு. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே அறிக்கைக்குள் மூன்று வெவ்வேறு ஆண்டுகள் இருக்கின்றன. தேர்ச்சி விழுக்காடு என்று வாசிப்பது சென்ற கல்வியாண்டில் தேர்வு எழுதிப் போய்விட்ட பிள்ளைகளுடையது. தணிக்கை முடிந்த கணக்கு சென்ற மார்ச் 31 வரைக்குமானது. விளையாட்டுப் பரிசும் கலைத் திருவிழாப் பரிசும் இந்த ஆண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுடையவை. இதைப் பிரித்துச் சொல்லாமல் "இவ்வாண்டு" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால், கேட்கிற பெற்றோருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். "சென்ற மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்குத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு இது, அதற்குப் பிறகு ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான வரவு செலவு தணிக்கைக்கு இன்னும் போகவில்லை" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

சாதனைகளைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். பத்தாம் வகுப்பில் 60 பேர் எழுதி 57 பேர் தேறினால் 95 விழுக்காடு. சரி, அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள்? துணைத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள்? அதற்கு முந்தின ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் 64 பேர் இருந்திருந்தால் மீதி நான்கு பேர் எங்கே? மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளிக்குப் போனார்களா, படிப்பையே விட்டுவிட்டார்களா? இந்த விவரம் அறிக்கையில் இருந்தால் 95 என்ற எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். இல்லாவிட்டால் அது கைதட்டலுக்கான எண்ணாக நின்றுவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். உதவி பெறும் பள்ளிகளில், அரசு ஒப்புதல் அளித்த பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களின் சம்பளத்தை அரசே அவர்கள் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. அந்தப் பணம் பள்ளியின் கைக்கு வருவதே இல்லை. ஆனால் சில அறிக்கைகளில் அதையும் வரவில் சேர்த்து, அதே தொகையைச் செலவிலும் எழுதி, மொத்தம் ஒரு கோடிக்கு மேல் என்று வாசிப்பார்கள். கணக்குப் பார்வையில் தப்பில்லை, இரண்டு பக்கமும் சரியாகிவிடும். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மனத்தில் என்ன பதியும்? ஒரு கோடி வருகிற பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே என்றுதான் நினைப்பார். ஆகவே சம்பள மானியத்தைத் தனி வாக்கியமாகச் சொல்லிவிட்டு, பள்ளி தன் பொறுப்பில் வரவு வைத்துச் செலவழிக்கும் பணத்தை மட்டும் கணக்காக வாசிப்பதே நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஏதோ ஒரு ஊரில் நானூறு பிள்ளைகள் படிக்கிற ஓர் உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31 அன்று வங்கியில் எல்லாக் கணக்குகளிலும் சேர்த்து இருப்பு 8,40,000 ரூபாய். அறிக்கையில் இந்த ஒரு வரியை மட்டும் வாசித்தால், பள்ளி நல்ல வசதியோடு இருப்பதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த நாள் நன்கொடை கேட்டுப் போனால், "அதான் எட்டு லட்சம் வைத்திருக்கிறீர்களே ஐயா" என்ற பதில் வரும்.

இந்த எட்டு லட்சத்து நாற்பதாயிரத்தைப் பிரிக்க வேண்டும். இதில் 4,50,000 ரூபாய் அறக்கட்டளைகளின் மூலதனம். நிரந்தர வைப்பில் கிடக்கிறது, வட்டியை மட்டும்தான் எடுக்கலாம். இன்னும் 2,60,000 மாணவியர் கழிப்பறைக்கென்றே பழைய மாணவர்கள் கொடுத்த மூன்று லட்சத்தில், கடைக்கால் போட்ட செலவு நாற்பதாயிரம் போக மீதி. அதை எடுத்து நாற்காலி வாங்க முடியாது. இரண்டையும் கழித்தால் 1,30,000. அதிலும் மின் வேலைக்கும் பெஞ்சுக்கும் கொடுக்க வேண்டிய பாக்கி 42,000. ஆக, பள்ளி தன் விருப்பப்படி செலவு செய்யக்கூடிய பணம் 88,000 ரூபாய்தான். மேடையில் வாசிக்க வேண்டிய எண் இதுதான். மற்றவை அச்சடித்த பிரதியில் இருக்கட்டும், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம்.

அதே கழிப்பறைக்கு மதிப்பீடு நான்கு லட்சம் என்றால் இன்னும் ஒரு லட்சம் வேண்டும். போன விழா மேடையிலேயே ஒருவர் ஒரு லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கலாம், கைதட்டலும் கிடைத்திருக்கலாம். பணம் வந்து ரசீது போடும்வரை அது வரவாகாது. அறிக்கையில் "வரப்பெற்றவை" என்றும் "அறிவிக்கப்பட்டவை" என்றும் இரண்டு தலைப்புகள் வைத்தால் யாரையும் புண்படுத்தாமல் விஷயம் புரிந்துவிடும். கொடுக்க நினைத்து மறந்துபோனவர்களுக்கும் அது நினைவூட்டல். அப்புறம், வருமான வரியில் 80ஜி சலுகை எதிர்பார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதை மேடையிலேயே சொல்லிவிடலாம். அந்தச் சலுகைக்கான பதிவு பள்ளி அறக்கட்டளைக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் காதுகள் கணக்குக்குப் பழகியவை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்தவர்கள் சிட்டையும் பேரேடும் எழுதி, ஐந்தொகை போட்டு முதலாளிக்கு அனுப்பிய ஊர்கள் இவை. வியாபாரத்தில் தர்மத்துக்கென்று மகமை ஒதுக்கி, அந்தப் பணத்தில் கோயிலும் பள்ளியும் நடத்தினார்கள். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இப்படிக் கொடுத்தவர்களின் ஊரில், கொடுத்த பணம் எந்தப் பேரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிற உரிமை பேரப்பிள்ளைகளுக்கு உண்டு.

அதனால்தான் பரிசு அறக்கட்டளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1960 வாக்கில் ஒரு குடும்பம், தாத்தா பேரில் ஆயிரம் ரூபாய் கட்டி, தமிழில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுக்கச் சொல்லியிருக்கும். ஏழு விழுக்காடு வட்டி என்றாலும் வருவது 70 ரூபாய். அன்று அந்தப் பணத்துக்கு நல்ல புத்தகங்கள் வாங்க முடிந்தது. இன்று சான்றிதழுக்குச் சட்டம் போடக்கூடப் போதாது. ஆனால் மேடையில் அந்தத் தாத்தாவின் பெயர் ஒலிக்கிறது, பிள்ளையின் கையில் ஒரு சிறு கிண்ணம் போகிறது, குறைகிற பணத்தைப் பள்ளி சத்தமில்லாமல் பொது நிதியிலிருந்து போட்டுக்கொள்கிறது. பத்து அறக்கட்டளைகளுக்கு இப்படிச் செய்தால் அந்த 88,000 ரூபாயில் ஒரு பகுதி ஆண்டுதோறும் இதிலேயே கரையும். வெளியே யாருக்கும் தெரியாது.

இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வோர் அறக்கட்டளைக்கும் தொடங்கிய ஆண்டு, மூலதனம், இந்த ஆண்டு வட்டி, கொடுத்த பரிசின் விலை என்று நான்கு கட்டங்கள் போட்டு அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சிட வேண்டும். அதைப் பார்க்கும் குடும்பம் பெரும்பாலும் தானே கேட்கும்: "எவ்வளவு போட்டால் சரியாக வரும்?" அதற்கும் கணக்கு உண்டு. ஆயிரம் ரூபாய்க்குப் பரிசு கொடுக்க வேண்டுமானால், ஏழு விழுக்காடு வட்டியில் மூலதனம் ஏறத்தாழ 14,300 ரூபாய் வேண்டும். கூட்டிக் கட்ட இயலாத குடும்பங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, இரண்டு மூன்று அறக்கட்டளைகளைச் சேர்த்து, எல்லாப் பெயர்களையும் வாசித்து ஒரே பரிசாகக் கொடுக்கலாம். சம்மதம் வாங்காமல் சேர்ப்பது கூடவே கூடாது. குடும்பத்தாரின் முகவரி கிடைக்கவில்லை என்றால், அதையும் அறிக்கையில் வாசிக்கலாம். சபையில் இருக்கும் உறவினர் யாராவது "அவர்கள் இப்போது ஈப்போவில் இருக்கிறார்கள்" என்று சொல்வார்கள். ஆண்டு விழாவில் அந்த வசதி உண்டு.

அடுத்த ஆண்டுத் திட்டம். இங்கேதான் கணக்கும் திட்டமும் ஒன்றையொன்று பார்க்காமல் போய்விடுகின்றன. நம் எடுத்துக்காட்டுப் பள்ளியில் கணினி ஆசிரியர் ஒருவரை நிர்வாகச் சம்பளத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறார்கள். மாதம் எட்டாயிரம், பத்து மாதம், எண்பதாயிரம். கையில் எண்பத்தெட்டாயிரம் இருக்கிறதே, போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த இருப்பு ஒரு முறைதான் இருக்கிறது. ஆசிரியரின் சம்பளமோ ஆண்டுதோறும் வரும். இரண்டாம் ஆண்டு எண்பதாயிரம் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாவிட்டால், அந்தத் திட்டத்தை அறிவிக்கக் கூடாது. அதே பணத்தில் ஆய்வகத்துக்கு உபகரணம் வாங்கலாம், அது ஒருமுறைச் செலவு. கணினி ஆசிரியர்தான் வேண்டும் என்றால், பழைய மாணவர்களிடம் மூன்றாண்டுக்கு உறுதி வாங்கிவிட்டு அடுத்த விழாவில் அறிவிக்கலாம்.

திட்டங்களில் பணத்தால் மட்டும் ஆகாதவையும் இருக்கின்றன. காலியாக இருக்கும் கணித ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவோம் என்று ஒரு தலைமையாசிரியர் உறுதி சொல்ல முடியாது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடங்களைத் துறை நிர்ணயிக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் இருக்கிற இடமே உபரி ஆகிவிடும். நம் பக்கத்து ஊர்களில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதும், பக்கத்து நகரத்துக்குப் பள்ளிப் பேருந்துகள் போவதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே திட்டப் பகுதியில் நான் கடைசியாக வாசிக்கச் சொல்வது ஆறாம் வகுப்புச் சேர்க்கையைத்தான். சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்தெந்த ஊர்த் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்தார்கள், எந்தப் பள்ளியிலிருந்து வருவது நின்றுபோனது என்று ஊர் பெயர் சொல்லி வாசித்தால், அந்தந்த ஊர்க்காரர்கள் சபையிலேயே நிமிர்ந்து உட்காருவார்கள். ஜூன் மாதச் சேர்க்கைக்கு இன்னும் நான்கைந்து மாதம் கையில் இருக்கும்போதே அவர்கள் காதில் இது விழுந்துவிடும்.

இவ்வளவையும் பத்து நிமிடத்துக்குள் வாசிக்கலாம். மாவட்ட, மாநில அளவில் வென்ற பிள்ளைகளின் பெயர்களை மட்டும் மேடையில் சொல்லி, மற்றப் பெயர்களை அச்சுப் பிரதியில் விட்டுவிட்டால் கணக்குக்கு மூன்று நிமிடம் தாராளமாகக் கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்தில் எண்களை மெதுவாக, ஒரு முறைக்கு இரண்டு முறை வாசிக்கலாம்.

நன்றி. வணக்கம்.