ஸ்டம்புக்கு அருகில் ஒரு கால், தள்ளி நின்றால் இரண்டு கால்

நேயர்களுக்கு வணக்கம்.

1988 ஜனவரி, சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்டில் அறிமுகமான லெக் ஸ்பின்னர் நரேந்திர ஹிர்வானி 16 விக்கெட் எடுத்தார். அதே ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் கீப்பர் கிரண் மோரே ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். இறங்கி வந்து அடிக்கப் பார்த்தவர்களைப் பந்து ஏமாற்றியது சரி. ஆனால் பந்து ஏமாற்றினால் மட்டும் ஸ்டம்பிங் கிடைத்துவிடாது. அந்த நொடியில் கீப்பரின் கால் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது அது.

வலது கை பேட்டர், லெக் ஸ்பின்னர் என்று வைத்துக்கொள்வோம். கீப்பர் ஸ்டம்புக்குப் பின்னால் நன்றாகக் குந்தி உட்காருகிறார். இடது பாதம் மிடில் ஸ்டம்புக்கும் ஆஃப் ஸ்டம்புக்கும் நடுவில், தலை ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே. அப்போதுதான் பேட்டர் மறைக்காமல் பந்து தெரியும். கையை நீட்டினால் பெயில்ஸ் எட்ட வேண்டும். தூரத்துக்கு அதுவே அளவு. உடல் பாரம் பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும், குதிகாலில் இருந்தால் எழும்போதே உடல் பின்னால் சாயும். கிளவுஸ் தரையைத் தொட்டபடி, உள்ளங்கை பந்துவீச்சாளரைப் பார்த்து, விரல்கள் கீழ்நோக்கி, இரண்டு சுண்டு விரல்களும் ஒட்டி ஒரு கிண்ணம் போல இருக்கும்.

இனி முக்கியமான விஷயம், எப்போது எழுவது. பந்து தரையில் குத்திய பிறகு, அதன் எழுச்சியோடு சேர்ந்து எழ வேண்டும். பள்ளி ஆட்டங்களில் விடப்படும் பந்துகளில் பாதிக்கு மேல், பந்து குத்துவதற்கு முன்பே கீப்பர் எழுந்துவிடுவதால் போகிறவை என்றே சொல்வேன். சற்றுத் தாழ்ந்து வந்தால் பந்து கிளவுஸுக்கு அடியில் ஓடிவிடும். எழுந்த கையைத் திரும்பக் கீழே கொண்டுபோக நேரம் கிடையாது. உயர்த்துவது எளிது, இறக்குவது கஷ்டம்.

பந்து ஆஃப் பக்கம் திரும்புகிறது. வலது கால் மட்டும் பக்கவாட்டில் ஒரு எட்டு போகிறது. இடது கால் நட்ட இடத்திலேயே நிற்கிறது. பந்தை வலது இடுப்பருகே வாங்கியதும், அந்த இடது காலை அச்சாக வைத்து உடல் திரும்ப, கை பெயில்ஸுக்கு வந்துவிடும். இரண்டு காலும் நகர்ந்துவிட்டால், பந்து கையில் இருந்தும் ஸ்டம்பு எட்டாது. பந்தை வாங்கும்போது கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் கொடுக்க வேண்டும் என்பது பழைய பாடம். தோனி அப்படி இழுத்ததே குறைவு. கை நேராக பெயில்ஸுக்குப் போய்விடும். பழகுகிறவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம், பந்து தெறித்து ஓடும்.

லெக் பக்கம் வருவதுதான் கடினம். பேட்டரின் உடல் பந்தை மறைத்துவிடும். பந்து மறைவதற்குள் அதன் பாதையைக் கணித்துக்கொண்டு, தலையும் இடது காலும் ஒன்றாகப் பக்கவாட்டில் போக வேண்டும். இப்போது வலது கால் நிற்கும். பலர் இடது காலைப் பின்னால் வீசுவார்கள். உடம்பும் அதன் பின்னாலேயே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பந்து மட்டையையோ பேட்டர் உடலையோ தொடும்வரை, அல்லது ஸ்டம்பைக் கடக்கும்வரை, அல்லது பேட்டர் ரன்னுக்கு முயலும்வரை, கீப்பர் முழுவதுமாக ஸ்டம்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஆசையில் கிளவுஸ் முன்னால் நீண்டால் நோ பால். ஸ்டம்பிங்கும் போச்சு.

வேகப்பந்துக்குத் தள்ளி நிற்கும்போது இந்தப் பாடம் தலைகீழாகிறது. இங்கே எந்தக் காலும் நட்டு நிற்கக் கூடாது. எவ்வளவு தூரம் என்பதற்கு அடிக்கணக்கு கிடையாது. பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது இடுப்பளவில் கைக்கு வந்தால் அது சரியான இடம். முழங்காலுக்குக் கீழே வருகிறதென்றால் இரண்டு எட்டு முன்னே, இன்னும் ஏறிக்கொண்டே நெஞ்சுக்கு வருகிறதென்றால் பின்னே. ஆஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே நின்றால்தான் பந்து முழுதும் தெரியும்.

கால்களைக் குறுக்கே போடாமல், சின்னச் சின்னப் பக்க எட்டுகளாக நகர வேண்டும். பந்தை உடலுக்கு நேராக அல்ல, ஸ்டம்புப் பக்கத்து இடுப்பருகே, அதாவது இடது இடுப்பருகே வாங்குவது போல நகர்வது நல்லது. மட்டை விளிம்பில் பட்டு பந்து வெளியே விலகினால், அது உடலை நோக்கியே வரும். வலது இடுப்பருகே எதிர்பார்த்து நின்றவருக்கு அதே விளிம்புப் பந்து பாய்ந்து பிடிக்க வேண்டியதாகிவிடும்.

நெஞ்சுக்கு மேல் எகிறும் பந்துக்கு விரல்கள் வானத்தைப் பார்க்கட்டும், அல்லது உடலைத் திருப்பிப் பக்கவாட்டில் வைக்கட்டும். விரல் நுனி மட்டும் பந்தை நேராகப் பார்க்கக் கூடாது. கீப்பர்களின் கோணல் விரல்களுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

புதுப் பந்தின் வேகம் தணிந்ததும் பந்து மெல்ல முழங்காலை நோக்கி இறங்கும். உடனே ஒரு எட்டு முன்னே வர வேண்டும். கீப்பர் வந்தால் ஸ்லிப்பும் கூடவே வர வேண்டும். அவர் மறந்து நின்றுவிட்டால், அடுத்த விளிம்புப் பந்து அவருக்கு முன்னால் தரையில் விழும்.